நாற்பதாயிரம் கூடினால் கைக்கு எவ்வளவு வரும்?

"சம்பளம் கூடினால் அடுத்த வரிப்படிக்குள்ள போயிடுவன். பிறகு இப்ப வாறதிலும் குறையத்தான் கைக்கு வரும். அதுக்கு இப்பிடியே இருக்கலாம்." கொழும்பில தனியார் கம்பனிகளில வேலை செய்யிற அண்ணாமார், அக்காமாரோட கதைச்சால் இந்த வசனம் எங்கேயாவது ஒரு இடத்தில வந்து விழும். பட்டம் முடிச்சிட்டு வேலைக்குப் போகப்போற எங்கட ஆக்களும் அதை அப்பிடியே நம்பித்தான் போகினம்.

இந்தப் பயம் பிழை எண்டுறதுதான் இந்தக் கட்டுரையின் முதல் பாதி. இரண்டாவது பாதி கொஞ்சம் சிக்கலானது. சம்பள உயர்வில ஒரு பகுதி கைக்கு வராமல் போறது உண்மைதான். ஆனால் நாங்கள் வரிப்படியைப் பார்த்துப் பயந்துகொண்டிருக்கேக்க, பெரிய முடிவு சம்பளச்சீட்டில வேற ஒரு வரியில எடுக்கப்படுது. அந்த வரியைப் பற்றி எங்கட ஆக்கள் கேள்வி கேட்கிறதே இல்லை எண்டதுதான் என்ர முறைப்பாடு.

ஒரு உதாரணத்தோட போவம். ஒரு அக்கா கொழும்பில ஒரு தனியார் நிறுவனத்தில வேலை செய்யிறா எண்டு வையுங்கோ. மாதச் சம்பளம் மொத்தம் 220,000 ரூபா. அதில அடிப்படைச் சம்பளம் 120,000. மிச்சம் 100,000 போக்குவரத்து, இணையம், திறமைக் கொடுப்பனவு எண்டு பல பெயர்களில வருது. இப்ப சம்பளத்தை 260,000 ஆக்கியிருக்கினம். உயர்வு 40,000. இந்த 40,000 இல எவ்வளவு வங்கிக் கணக்குக்கு வந்து சேரும்?

முதலில வரி. சம்பளச்சீட்டில ஏ.பி.ஐ.டி. எண்டு வாறதுதான் மாதா மாதம் கழிக்கிற வருமான வரி. 2025 ஏப்ரல் 1 இலிருந்து வந்த முறைப்படி, வருசத்துக்கு 18 இலட்சம், அதாவது மாதத்துக்கு 150,000 ரூபா வரைக்கும் வரி இல்லை. அதுக்கு மேல வாற முதல் 83,333 ரூபாவுக்கு 6 வீதம். அதுக்கு அடுத்த 41,667 ரூபாவுக்கு 18 வீதம். அதுக்குப் பிறகு 24, 30 எண்டு ஏறி, கடைசியா 36 வீதத்தில நிக்கும்.

இதைச் சம்பளமாப் பார்த்தால் 150,000 இலிருந்து 233,333 வரைக்கும் 6 வீதப் படி, 233,333 இலிருந்து 275,000 வரைக்கும் 18 வீதப் படி. எங்கட அக்கா 220,000 இல நிக்கேக்க 6 வீதப் படியில இருந்தவ. 260,000 ஆனதும் 18 வீதப் படிக்குள்ள வந்திட்டா. ஆறு எங்க, பதினெட்டு எங்க! பயம் இங்கதான் தொடங்குது.

ஆனால் படி எண்டுறது மாடிப்படி மாதிரி இல்லை. மேல்படியில கால் வைச்சதும் கீழ்ப்படியில இருந்த காசும் சேர்ந்து மேல ஏறிப்போறதில்லை. ஒவ்வொரு படியிலயும் இருக்கிற காசுக்கு அந்தப் படியின் வீதம் மட்டும்தான். பெரிய பாத்திரத்தில தண்ணி ஊத்திற மாதிரி இல்லாமல், சின்னச் சின்னப் போத்தில்களை வரிசையா வைச்சு ஊத்திற மாதிரி நினையுங்கோ. முதல் போத்தில் நிரம்பினால்தான் அடுத்ததுக்கு ஊத்துவம். அடுத்த போத்திலுக்கு என்ன விலை எண்டாலும் முதல் போத்திலின் விலை மாறாது.

கணக்கைப் பாருங்கோ. முதல் இருந்த 220,000 இல வரிக்குரியது 70,000. அதில 6 வீதம் 4,200 ரூபா. இப்ப 260,000 இல வரிக்குரியது 110,000. அதில 83,333 க்கு 6 வீதம் 5,000. மிச்சம் 26,667 க்கு 18 வீதம் 4,800. மொத்தம் 9,800 ரூபா. வரி 4,200 இலிருந்து 9,800 ஆகியிருக்கு, அதாவது 5,600 கூடியிருக்கு.

இதை இன்னொரு விதமாவும் சரிபார்க்கலாம். கூடின 40,000 இல முதல் 13,333 இன்னும் 6 வீதப் படிக்குள்ளதான் இருக்கு, அதுக்கு 800. மிச்சம் 26,667 தான் 18 வீதப் படிக்குப் போகுது, அதுக்கு 4,800. திரும்பவும் 5,600 தான் வருது. ஆக 40,000 இல வரிக்குப் போனது 14 வீதம். கடைசிப் படியில கூட ஒரு ரூபா கூடினால் 36 சதம்தான் வரியாப் போகும், 64 சதம் உங்களுக்குத்தான். சம்பளம் கூடினதால வரி கழிச்ச பிறகு முன்னையதிலும் குறைய வாறது எண்டது இந்த முறையில நடக்கவே ஏலாது.

இங்க ஒரு எச்சரிக்கை. இணையத்தில இன்னும் சுத்திக்கொண்டிருக்கிற பல கணக்குகள் 2023 ஜனவரியில வந்த பழைய முறையில போட்டவை. அதில மாதத்துக்கு 100,000 வரைக்கும்தான் விலக்கு, படிகளும் குறுகல். அந்த முறையில 220,000 க்கு 14,100 ரூபா வரி. இப்ப அதே சம்பளத்துக்கு 4,200. பழைய கணக்கை வைச்சுப் பயந்தவைக்கு அந்தப் பயத்துக்கு ஒரு காரணம் இருந்தது, ஆனால் அது இப்ப பொருந்தாது.

சரி, 40,000 இல 5,600 வரி எண்டால் 34,400 கைக்கு வரவேணும். அக்கா வங்கிக் கணக்கைப் பார்க்கேக்க முன்னையதிலும் 28,000 தான் கூட வந்திருக்கு. இன்னும் 6,400 எங்க?

அது ஊழியர் சேமலாப நிதிக்கு, எங்கட பேச்சில ஈ.பி.எஃப். க்குப் போயிருக்கு. இந்தச் சம்பள உயர்வில வரியிலும் பார்க்கக் கூடக் கழிஞ்சது ஈ.பி.எஃப். தான். ஆனால் எல்லாரும் வரியைத்தான் திட்டுவினம்.

நடந்தது என்னெண்டால், நிறுவனம் 40,000 ஐ அடிப்படைச் சம்பளத்தில கூட்டினதோட, ஏற்கனவே கொடுப்பனவா இருந்த இன்னொரு 40,000 ஐயும் அடிப்படைச் சம்பளத்துக்குள்ள சேர்த்திட்டுது. 120,000 ஆக இருந்த அடிப்படைச் சம்பளம் 200,000 ஆகிட்டுது, கொடுப்பனவு 60,000 ஆகக் குறைஞ்சிட்டுது. ஈ.பி.எஃப். க்கு ஊழியரிட்ட இருந்து கழிக்கிறது 8 வீதம். இந்த நிறுவனம் அந்த 8 வீதத்தை அடிப்படைச் சம்பளத்தில மட்டும்தான் கணக்குப் பார்க்குது. முந்தி 9,600. இப்ப 16,000. வித்தியாசம் 6,400. இதில பாதி புதுசாக் கூடின காசுக்கு. மற்றப் பாதி, பழைய காசுக்குப் பெயர் மாறினதுக்கு. ஒரு சதம் கூட உயர்வு குடுக்காமல் இந்தப் பெயர்மாற்றத்தை மட்டும் செய்திருந்தால் அக்காவின் கைக்கு வாற காசு 3,200 ரூபாவால குறைஞ்சிருக்கும்.

இதில ஆக்கள் வழமையாத் தடுமாறுற இடம் ஒண்டு இருக்கு. ஈ.பி.எஃப். ஐக் கழிச்சிட்டு மிச்சத்துக்குத்தான் வரி எண்டு நினைக்கிறது. இலங்கையில அப்பிடி இல்லை. வரி மொத்தச் சம்பளத்தில கணக்குப் பார்க்கப்படும், ஈ.பி.எஃப். கழிச்சதால வரி குறையாது. கொடுப்பனவு எண்டு பெயர் வைச்சாலும் மாதா மாதம் காசாக் கையில வந்தால் வரிக்கு அது சம்பளம்தான். அதனால அடிப்படைச் சம்பளத்தையும் கொடுப்பனவையும் எப்பிடிப் பிரிச்சாலும் வரி மாறாது, ஈ.பி.எஃப். மட்டும்தான் மாறும்.

இப்ப அக்கா கோபப்பட வேணுமா? இங்கதான் கைக்கு வாற காசை மட்டும் பார்க்கிறதில இருக்கிற பிழை தெரியும்.

அக்காவிட்ட இருந்து 8 வீதம் போகேக்க, நிறுவனம் தன்ர பங்குக்கு ஈ.பி.எஃப். க்கு 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் போடவேணும். இந்த 15 வீதம் சம்பளத்தில கழிக்கிறது இல்லை, அதுக்கு மேலதிகமா நிறுவனம் கட்டுறது. அடிப்படைச் சம்பளம் 80,000 கூடினபடியால் நிறுவனம் மாதம் 12,000 ரூபா கூடக் கட்டுது. அக்காவின்ர 6,400 உம் சேர்ந்து, அவவின்ர பெயரில மாதம் 18,400 ரூபா கூடச் சேருது. கையில 28,000, நிதியில 18,400, மொத்தம் 46,400. அதாவது கடிதத்தில "உயர்வு 40,000" எண்டு போட்டிருந்தாலும், வரி போன பிறகும் அக்காவுக்குச் சேர்ந்தது அதிலும் கூட.

இதையே மறுபக்கம் திருப்பிப் பாருங்கோ. நிறுவனம் அடிப்படைச் சம்பளத்தைத் தொடாமல் 40,000 ஐயும் கொடுப்பனவாகக் குடுத்திருந்தால், அக்காவின் கைக்கு 34,400 வந்திருக்கும். நிதியில ஒண்டும் கூடியிராது. நேர்முகத்தில இதைச் சொல்லிற விதம் எங்களில பலருக்குத் தெரியும். "பேசிக்கைக் கூட்டினால் உங்களுக்குத்தான் கழிவு கூட, நாங்கள் அலவன்சாகத் தாறம், கைக்குக் கூட வரும்." கேட்கேக்க எங்கட நன்மைக்குச் சொல்லிற மாதிரித்தான் இருக்கும். கணக்குப் போட்டால், கையில 6,400 கூட எடுக்கிறதுக்கு நிதியில 18,400 ஐ விடுறம். அதில 12,000 நிறுவனத்தின்ர காசு. மிச்சம் பிடிச்சது ஆர் எண்டு பார்த்தால் விளங்கும்.

அடிப்படைச் சம்பளம் பணிக்கொடையிலயும் எதிரொலிக்கும். பதினைஞ்சு பேருக்குக் குறையாமல் வேலை செய்யிற இடத்தில ஐந்து வருசம் முடிச்சு விலகினால், ஒவ்வொரு வருசச் சேவைக்கும் கடைசியா எடுத்த மாதச் சம்பளத்தில பாதி கிடைக்கவேணும். அந்தக் கணக்கையும் நிறுவனங்கள் அடிப்படைச் சம்பளத்தை வைச்சுத்தான் போடுறவை. 120,000 எண்டால் வருசத்துக்கு 60,000. 200,000 எண்டால் 100,000.

சட்டமும் நிறுவனங்கள் நினைக்கிற அளவுக்கு இளகினது இல்லை. 1958 ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் பங்களிப்புக்குரிய சம்பாத்தியம் எண்டு சொல்லேக்க அடிப்படைச் சம்பளத்தை மட்டும் சொல்லவில்லை. வாழ்க்கைச் செலவுப் படியும் அதை ஒத்த படிகளும், விடுமுறை நாள் சம்பளம், கொமிசன் போன்றவையும் அதுக்குள்ள அடங்கும். மேலதிக நேரக் கொடுப்பனவு அடங்காது. மாதா மாதம் எல்லாருக்கும் ஒரே தொகையாக் குடுக்கிற ஒண்டுக்குப் "போக்குவரத்து" எண்டு பெயர் வைச்சால் மட்டும் அது செலவு மீளளிப்பு ஆகிடாது. அந்தக் கேள்வியைத் தொழில் திணைக்களத்தில முறைப்பாடாக் குடுக்க ஒரு ஊழியருக்கு உரிமை இருக்கு.

எதிர்ப்பக்கத்துக்கும் நியாயம் இருக்கு, அதை மறைக்க விருப்பமில்லை. கொழும்பில வாடகை, பஸ் காசு, வீட்டுக்கு அனுப்பிற காசு எல்லாம் இந்த மாதமே வேணும். ஈ.பி.எஃப். ஐ ஆண்கள் 55 வயதிலயும் பெண்கள் 50 வயதிலயும்தான் முழுசா எடுக்கலாம், இடையில வீடு, மருத்துவம் போன்ற குறிப்பிட்ட தேவைகளுக்கு நிபந்தனையோட ஒரு பகுதிதான் எடுக்க ஏலும். 2022 இல விலைவாசி ஏறின வேகத்தில நிதியில கிடந்த காசின் பெறுமதி கரைஞ்சதை எங்கட அம்மா அப்பா கண்ணால கண்டவை. அடுத்த வருசம் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில கைவைக்கப்பட்டதும் இந்த நிதியின் முறிகளிலதான். "அந்தக் காசை எவன் நம்புறான்" எண்டு ஒருத்தர் கேட்டால் அவரை முட்டாள் எண்டு சொல்லேலாது.

ஆனாலும் என்ர முடிவு மாறவில்லை. நிதியில போடுற உங்கட 8 ரூபாவை மட்டும் பார்த்தால் அந்தச் சந்தேகம் சரி. அதோட சேர்ந்து வாற 15 ரூபாவையும் பார்த்தால், பெறுமதி கொஞ்சம் கரைஞ்சாலும் நீங்கள் முன்னுக்குத்தான் நிக்கிறீங்கள். அந்த 15 ரூபாவை வேண்டாம் எண்டு சொன்னால் நிறுவனம் அதை உங்கட கையில தரப்போறதில்லை. தாறதா இருந்தால், அதைச் சேர்த்து 40,000 க்குப் பதிலா 52,000 கேளுங்கோ. அக்காவின்ர உயர்வுக்கு நிறுவனம் உண்மையாச் செலவழிச்சது அவ்வளவுதான்.

அரச வேலைக்குக் காத்திருக்கிற ஆக்களும் இதே கணக்கைத் தெரிஞ்சிருக்கவேணும். 2025 வரவுசெலவுத் திட்டத்தில அரச ஊழியரின் ஆகக்குறைந்த அடிப்படைச் சம்பளம் 24,250 இலிருந்து 40,000 ஆகும் எண்டு அறிவிச்சவை. தலைப்பில 15,750 ரூபா உயர்வு. ஆனால் ஏற்கனவே கையில வந்துகொண்டிருந்த 7,500 ரூபா இடைக்கால, விசேட கொடுப்பனவுகளை அந்த அடிப்படைச் சம்பளத்துக்குள்ள சேர்த்தபடியால், உண்மையான உயர்வு 8,250. அதுவும் ஒரே தரத்தில இல்லை. 2025 ஏப்ரலில 5,975 ரூபா, மிச்சம் 2026, 2027 ஜனவரிகளில இரண்டு பங்கா. அறிவிச்சதில பொய் இல்லை, ஆனால் கையில வந்தது வேற. அடிப்படைச் சம்பளம் கூடினதால ஓய்வூதியத்துக்கு நன்மை எண்டதையும் சேர்த்துத்தான் அதை எடைபோடவேணும், அக்காவின்ர விசயத்தில செய்த மாதிரியே.

கடைசியா, வருசத்தின் நடுவில சம்பளம் கூடுற ஆக்களுக்கு ஒரு விசயம். வரி வருசம் ஏப்ரலில தொடங்கி மார்ச்சில முடியிறது. அக்காவுக்கு ஒக்டோபரில சம்பளம் கூடினது எண்டால், ஆறு மாதம் 4,200 உம் ஆறு மாதம் 9,800 உம் கழிச்சிருப்பினம். மொத்தம் 84,000. ஆனால் வருசம் முழுக்க உழைச்சது 2,880,000. அதில 18 இலட்சம் விலக்கு, மிச்சம் 1,080,000. முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம் 60,000, மிச்சம் 80,000 க்கு 18 வீதம் 14,400. கட்டவேண்டிய வரி 74,400 தான். 9,600 ரூபா கூடக் கழிபட்டிருக்கு.

இது கணக்காளரின் பிழை இல்லை. மாதாந்த அட்டவணை ஒவ்வொரு மாதத்தையும் வருசம் முழுக்க அதே சம்பளம் வாறமாதிரித்தான் பார்க்கும். முதல் ஆறு மாதமும் 6 வீதப் படியில நிரம்பாமல் விட்ட இடத்தை அது திரும்பிப் பார்க்கிறதில்லை. வருசம் முடிய நிறுவனத்திட்ட வரிக்கழிப்புச் சான்றிதழை, டி-10 எண்டு சொல்லிறதை, வாங்கி இந்தக் கூட்டலை நீங்களே செய்து பார்க்கலாம். கழிச்சது கூட எண்டால், நவம்பர் 30 க்கு முதல் வருமான விபரத்திரட்டைச் சமர்ப்பிச்சு மீளக் கேட்கலாம். வரியைத் திட்டுற எங்கட ஆக்களில எத்தினை பேர் அந்தச் சான்றிதழைக் கேட்டு வாங்கியிருக்கினம் எண்டது எனக்குச் சந்தேகம்.

அதால உயர்வுக் கடிதம் கையில வந்தால், மொத்தத் தொகையைப் பார்த்துச் சந்தோசப்படவும் வேண்டாம், வரிப்படியைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, கொடுப்பனவு எவ்வளவு, ஈ.பி.எஃப். எந்தத் தொகையில கணக்குப் பார்க்கப்படும் எண்டு எழுத்தில கேளுங்கோ. வரிப்படியை நாடாளுமன்றம் தீர்மானிக்குது. அதை நீங்கள் மனிதவள அறையில இருந்து மாத்தேலாது. ஆனால் அந்தப் பிரிப்பை அந்த அறையிலதான் தீர்மானிக்கினம். நீங்களும் அதே மேசையிலதான் இருக்கிறீங்கள். கையெழுத்துப் போட முதல் கேட்கிறதுதான் கேள்வி, அதுக்குப் பிறகு கேட்கிறது முறைப்பாடு.